இணையவழி வினாடி வினாப் போட்டி: பதிவுப் படிவம் முதல் இணைப்புத் துண்டிப்பு முறையீடு வரை

பள்ளி மாணவர்களுக்குத் திருக்குறள் வினாடி வினாவை இணையத்தில் நடத்தும் தமிழ் மன்றங்களும் நூலகங்களும் வினாக்களைத் தொகுப்பதற்கு மாதக்கணக்கில் உழைக்கின்றன; நுழைவு நேரம், கருவி வரம்பு, இணைப்புத் துண்டிப்பு ஆகியவற்றுக்கான விதிகளையோ போட்டிக்கு முந்தைய இரவில் எழுதி முடித்துவிடுகின்றன. போட்டி முடிந்த அன்று மாலையில் வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை வினாக்களைப் பற்றியவையாக இருப்பதில்லை. “பத்தாவது கேள்வியில் நெட் போய்விட்டது, திரும்ப வந்து பார்த்தால் நேரம் முடிந்துவிட்டது, எங்கள் பிள்ளைக்கு என்ன வழி?” என்றுதான் பெற்றோர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு யோசித்துச் சொல்லப்படும் எந்தப் பதிலும் யாரோ ஒருவருக்கு அநியாயமாகவே முடியும். பதிவு தொடங்குவதற்கு முன்பே, போட்டித் தளம் இயங்கும் கணினியான வழங்கியின் பதிவேடு எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதைத் தெரிந்துகொண்டு விதியை எழுதிவிட வேண்டும்.

இந்த வழிகாட்டி, இருநூறு முன்னூறு மாணவர்கள் கலந்துகொள்ளும் ஒரு தகுதிச் சுற்றை எடுத்துக்கொள்கிறது. முப்பது வினாக்கள், இருபது நிமிடங்கள்; மென்பொருள், பல பள்ளிகளும் கல்லூரிகளும் ஏற்கெனவே பயன்படுத்தும் மூடில். கூகுள் படிவத்தை இதற்கு நான் பரிந்துரைப்பதில்லை. அது விடைத்தாள் அனுப்பப்பட்ட நேரத்தை மட்டுமே பதிந்து வைக்கிறது. ஒருவர் எப்போது எழுதத் தொடங்கினார், எங்கே நின்றார் என்பதற்கு அதில் தடயமே இல்லை. தடயம் இல்லாத இடத்தில் துண்டிப்புக்கு ஈடு செய்வது என்பது சொல்பவரின் கண்ணீரை அளப்பதாகவே முடியும். மூடிலிலோ தொடக்க நேரம், விடைகள் சேமிக்கப்பட்ட நேரம், நுழைந்த இணைய முகவரி ஆகிய மூன்றும் நொடிக் கணக்கில் கிடைக்கின்றன.

முதற்படி: மூன்று நேரங்களைத் தீர்மானித்தல்

பத்து மணிக்குப் போட்டி என்று அறிவிப்பது போதாது. தளத்துக்குள் நுழையும் நேரம், வினாத்தாளைத் திறக்கும் நேரம், வினாத்தாள் மூடப்படும் நேரம் என்று மூன்று நேரங்கள் உண்டு. இவற்றைப் பிரித்துச் சொல்லாத அறிவிப்பிலிருந்துதான் பாதிக் குழப்பம் பிறக்கிறது.

தளத்துக்குள் 9.40 முதல் நுழையலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் மறந்தவர்களும் தவறாகத் தட்டச்சு செய்தவர்களும் இந்த இருபது நிமிடத்திலேயே உதவி எண்ணை அழைத்துவிடுவார்கள். வினாத்தாள் 10.00 முதல் 10.10 வரை திறக்கலாம். இந்தப் பத்து நிமிட இடைவெளி, முன்னூறு பேரும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தி வழங்கியைத் திணறடிப்பதைத் தடுக்கிறது. இடைவெளி இதைவிட நீளக் கூடாது. பத்து மணிக்குத் தொடங்கிப் பதினைந்தே நிமிடத்தில் முடித்துவிட்ட ஒரு மாணவர், இன்னும் தொடங்காத நண்பருக்கு வினாக்களைச் சொல்லிவிடும் வாய்ப்பு இருக்கக் கூடாது அல்லவா? நுழைவு இடைவெளி, தேர்வு நேரத்தில் பாதியைத் தாண்டாமல் இருக்கட்டும் என்பது என் கணக்கு. கடைசியாக 10.10க்குத் திறந்தவருக்கும் இருபது நிமிடம் முழுமையாகக் கிடைக்க வேண்டும் என்பதால், வினாத்தாள் மூடப்படும் நேரம் 10.30.

மூடிலில் இதை `Open the quiz`, `Close the quiz`, `Time limit` என்ற மூன்று இடங்களில் நிரப்புகிறோம். ஆனால் ‘இத்தனை மணிக்குப் பிறகு புதிதாகத் தொடங்கக் கூடாது’ என்று சொல்வதற்கு அங்கே தனி இடம் இல்லை. இந்தக் குறையைச் சரிக்கட்ட, வினாத்தாளுக்கு ஒரு கடவுச்சொல் வைத்து 10.10க்கு அதை மாற்றிவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். ஒருவர் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தார் என்பதை மூடில் அவருடைய அப்போதைய அமர்வில் மட்டுமே நினைவில் வைத்திருக்கும். இணைப்பு அறுந்து வேறொரு கைப்பேசியிலிருந்து மீண்டும் நுழைபவரிடம் அது கடவுச்சொல்லை மறுபடியும் கேட்கும். பழைய சொல் செல்லாது, புதிய சொல் அவருக்குத் தெரியாது. தாமதமாக வருபவரைத் தடுக்கப் போட்ட பூட்டு, நேர்மையாகத் தொடங்கித் துண்டிக்கப்பட்டவரை வெளியே நிறுத்திவிடும்.

இதைவிட எளிய வழி, தாமதமாக வருபவரைக் கடிகாரத்திடமே விட்டுவிடுவது. மூடும் நேரம் 10.30 என்று இருக்கும்போது 10.17க்குத் தொடங்குபவருக்குத் தானாகவே பதின்மூன்று நிமிடம்தான் கிடைக்கும். விதியில் இப்படி எழுதலாம்: “10.10க்குள் வினாத்தாளைத் திறப்பவர்களுக்கு இருபது நிமிடம் முழுமையாக உண்டு. அதன் பின் திறப்பவர்களுக்கு 10.30 வரை எஞ்சியுள்ள நேரம் மட்டுமே உண்டு. தாமதமான தொடக்கத்துக்கு ஈடு இல்லை.” எந்தக் கடிகாரம் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்: வழங்கியின் கடிகாரமே செல்லும், கைப்பேசி காட்டும் நேரம் செல்லாது. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் மாணவர்கள் பதிவு செய்தால், நுழைவுச் சீட்டில் இந்திய நேரம் 10.00 என்பதோடு அவர்களின் 12.30ஐயும் அச்சிடுங்கள், இலங்கைக்கு இந்திய நேரமே பொருந்தும்.

இரண்டாம் படி: பதிவுப் படிவம்

படிவத்தில் பெயர், வகுப்பு, பள்ளி, பெற்றோரின் கைப்பேசி எண் ஆகியவை போதும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் இந்தியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது என்பதால், ஒப்புதல் வரியைப் படிவத்திலேயே வைத்துவிடுவது நல்லது. ஆதார் எண்ணைக் கேட்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

கட்டாயம் கேட்க வேண்டிய, ஆனால் பெரும்பாலான படிவங்களில் காணப்படாத வினா ஒன்று உண்டு: “இந்தப் போட்டியில் கலந்துகொள்ளும் வேறு யாராவது இதே கைப்பேசியையோ கணினியையோ பயன்படுத்துவார்களா?” நம் வீடுகளில் அக்காவும் தம்பியும் அம்மாவின் கைப்பேசி ஒன்றைத்தான் நம்பியிருக்கிறார்கள். இந்த வினாவைக் கேட்காமல் ‘ஒரு கருவிக்கு ஒரு போட்டியாளர்’ என்று விதி போட்டால், இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு பிள்ளை விலக்கப்பட்டுவிடும். ‘ஒரு கைப்பேசி எண்ணுக்கு ஒரு பதிவு’ என்ற விதிக்கும் இதே கதிதான். ஆம் என்று விடையளித்தவர்களில் ஒருவரை 10 மணி அணியிலும் மற்றவரை 11 மணி அணியிலும் சேர்த்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

ஆனால் இரண்டு அணிகள் என்றால் இரண்டு வினாத்தாள்கள் வேண்டும். அறத்துப்பாலில் 38 அதிகாரங்களும் பொருட்பாலில் 70 அதிகாரங்களும் உள்ளன. பள்ளிப் போட்டிகள் பெரும்பாலும் இந்த 108 அதிகாரங்களோடு நின்றுவிடும். வினா வங்கியைப் பால் வாரியாகவும் கடினம் வாரியாகவும் பிரித்து வைத்து, இரண்டு தாள்களுக்கும் ஒரே விகிதத்தில் வெவ்வேறு வினாக்களை எடுக்கலாம். அப்படியும் இரண்டு தாள்கள் சம எடை உடையவை என்று யாராலும் உறுதி கூற முடியாது. எனவே இரு அணி மதிப்பெண்களையும் ஒரே வரிசையில் அடுக்காமல், அந்தந்த அணியின் எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்தில் இறுதிச் சுற்றுக்கு ஆட்களை எடுப்பதே முறை. அதே வேளையில், அதே விகிதத்தில், மூன்றாவதாக ஒரு தாளையும் தயார் செய்து பூட்டி வையுங்கள். அது எதற்கு என்பது பின்னால் வரும்.

பதிவை முடித்துவைக்கும் நாள் போட்டிக்கு மூன்று நாள் முன்னதாக இருக்கட்டும். கணக்குகளை ஒவ்வொன்றாக உருவாக்கத் தேவையில்லை. மூடிலின் `Upload users` பக்கத்தில் இப்படி ஒரு கோப்பை ஏற்றினால் எல்லாக் கணக்குகளும் அணிகளும் ஒருசேர உருவாகிவிடும்:

```
username,password,firstname,lastname,email,course1,group1
k0142,Vaigai#47,Kayal,M,k0142@example.org,kural,ani1
k0143,Kaveri#58,Mukil,S,k0143@example.org,kural,ani2
```

கடவுச்சொல்லில் சுழியமும் ஓ எழுத்தும், எண் ஒன்றும் சிறிய எல் எழுத்தும் வராமல் பார்த்துக்கொண்டால் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகள் கணிசமாகக் குறையும்.

போட்டிக்கு முந்தைய நாள் அதே நேரத்தில் மூன்று வினாக்கள் கொண்ட ஓர் ஒத்திகைத் தாளை வையுங்கள். ஒத்திகைக்கு வராதவரைப் போட்டியிலிருந்து விலக்குவது கடுமை. ஆனால், ஒத்திகையில் ஒரு முறைகூட நுழையாதவருக்குப் போட்டி நாளில் நுழைய முடியாமல் போனால் ஈடு கிடையாது என்று விதி வைப்பது நியாயமே. நடுவில் இணைப்பு அறுந்தால் கிடைக்கும் ஈடு அவருக்கும் உண்டு.

மூன்றாம் படி: கருவி வரம்பு

ஒரே நேரத்தில் ஒரு கணக்கு ஒரு கருவியில் மட்டுமே திறந்திருக்க வேண்டும் என்பதை நடைமுறைப்படுத்த மூடிலில் இரண்டு வழிகள் உள்ளன. இரண்டும் எதிரெதிராக இயங்குபவை.

முதலாவது, தளம் முழுமைக்குமான `Limit concurrent logins` என்ற அமைப்பு. அதில் 1 என்று வைத்தால், புதிய கருவியில் நுழைந்தவுடன் பழைய கருவியில் இருந்த அமர்வு வெளியேற்றப்படும். கடைசியாக வந்தவருக்கே இடம். இரண்டாவது, `Block concurrent connections` என்ற வசதியைத் தரும் கூடுதல் செருகுநிரல். இது முதலில் தொடங்கிய கருவியோடு தேர்வைக் கட்டிவைத்துவிடும். வேறொரு கருவியிலிருந்து வருபவரை, நடத்துபவர் கையால் விடுவிக்கும் வரை உள்ளே விடாது.

பரிசுத் தொகை பெரிதாக இல்லாத மாணவர் போட்டிக்கு நான் முதல் வழியையே தேர்ந்தெடுப்பேன். கைப்பேசியின் மின்கலம் தீர்ந்துபோன மாணவர், அப்பாவின் கைப்பேசியை வாங்கி நுழைந்து உடனே தொடரலாம். யாரையும் அழைக்க வேண்டியதில்லை. இரண்டாம் வழியில் ஒவ்வொரு துண்டிப்பும் உதவி மேசைக்கு ஓர் அழைப்பாகிவிடும், வரிசையில் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் போட்டியாளரின் இழப்பாகிவிடும். அந்தச் செருகுநிரல் இணைய முகவரியின் மாற்றத்தையும் கவனிப்பதால், வீட்டு வைஃபையிலிருந்து கைப்பேசித் தரவுக்கு மாறியவரையும் அயலார் என்று எண்ணித் தடுத்துவிடக்கூடும். அதைத் தவிர்க்க விலக்குப் பட்டியல் ஒன்று அதில் உண்டு என்றாலும், எந்தெந்த முகவரியிலிருந்து மாணவர்கள் வருவார்கள் என்பது முன்கூட்டி யாருக்குத் தெரியும்?

முதல் வழியில் ஒரு பொத்தல் இருக்கிறது. அந்த எண்ணிக்கை உலாவி வழியாக நுழைவதற்கு மட்டுமே பொருந்தும். மூடில் செயலி வழியாக நுழைவது அதில் அடங்காது. எனவே போட்டித் தளத்தில் `Enable web services for mobile devices` என்பதை நிறுத்தி வைத்துவிட்டு, “உலாவியில் மட்டுமே எழுத வேண்டும்” என்று நுழைவுச் சீட்டில் குறிப்பிடுங்கள்.

இணைய முகவரியை வைத்துக் கருவிகளை எண்ண முயல்பவர்களும் உண்டு. அது தவறான அளவுகோல். கைப்பேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரியின் பின்னால் பல வாடிக்கையாளர்களை வைக்கின்றன. ஒருவரையொருவர் அறியாத இரண்டு மாணவர்கள் ஒரே முகவரியில் தோன்றலாம், ஒரே மாணவர் இருபது நிமிடத்தில் இரண்டு முகவரிகளில் தோன்றலாம். முகவரி, வேறொரு சான்றுக்குத் துணையாக நிற்குமே தவிர, தனியாக யாரையும் குற்றவாளியாக்காது. இன்னொன்றையும் ஒளிவின்றிச் சொல்லிவிட வேண்டும்: பக்கத்தில் இன்னொரு கைப்பேசியை வைத்துக்கொண்டு விடையைத் தேடுவதை எந்தக் கருவி வரம்பும் தடுக்காது. அதற்கு மருந்து வினா அமைப்பில்தான் இருக்கிறது. குறளின் முதற்சீரைக் கொடுத்து எண்ணைக் கேட்டால் தேடியவர் நொடியில் கண்டுபிடித்துவிடுவார். ஒரு சூழலைச் சொல்லி அதற்குப் பொருந்தும் அதிகாரத்தைக் கேட்டால், வினாவுக்கு நாற்பது நொடி என்ற கணக்கில் தேடிப் படித்து முடிப்பது கடினம்.

நான்காம் படி: துண்டிப்பைத் தாங்கும் வகையில் வினாத்தாளை அமைத்தல்

வினாத்தாள் அமைப்பில் மிக முக்கியமான வரி `When time expires` என்பது. அதில் மூன்று தேர்வுகள் உண்டு. `Open attempts are submitted automatically` என்பதைத் தேர்ந்தெடுத்தால், நேரம் முடியும் நொடியில் மாணவர் இணைப்பில் இல்லாவிட்டாலும், அதுவரை வழங்கியில் சேமிக்கப்பட்ட விடைகள் தாமாகவே ஒப்படைக்கப்படும். இதற்கு மூடிலின் பின்னணிப் பணியான கிரான் நிமிடத்துக்கு ஒரு முறை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடுகிறதா என்பதை ஒத்திகை நாளிலேயே, ஒரு கணக்கில் தொடங்கிவிட்டு உலாவியை மூடிச் சோதித்துப் பாருங்கள். ‘நேரத்துக்குள் ஒப்படைக்காவிட்டால் கணக்கில் கொள்ளப்படாது’ என்ற பொருள்தரும் கடைசித் தேர்வு தவறிக்கூட அங்கே இருக்கக் கூடாது. இருபத்தெட்டு வினாக்களுக்கு விடையளித்துவிட்டு இறுதி நொடியில் இணைப்பை இழந்தவருக்கு அது சுழியம் கொடுத்துவிடும்.

பக்கத்துக்கு எத்தனை வினாக்கள் என்பதும் துண்டிப்போடு தொடர்புடையதே. பக்கத்துக்கு ஒன்று என்றால், முப்பது முறை வழங்கியைத் தொட வேண்டும். அலைவரிசை மெலிந்த ஊர்களில் ஒவ்வொரு தொடுகையும் ஒரு காத்திருப்பு. முப்பதும் ஒரே பக்கம் என்றால், இணைப்பைத் துண்டித்துவிட்டு எல்லா வினாக்களையும் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பக்கத்துக்கு ஐந்து என்பது நடுவழி.

மூடில் விடைகளைத் தானாகவும் சேமிக்கிறது. வழக்கமான இடைவெளி ஒரு நிமிடம், விரும்பினால் `Auto-save period` என்ற இடத்தில் அதைக் குறைத்துக்கொள்ளலாம். இணைப்பு அறுந்தால் திரையில் `Network connection lost` என்று தொடங்கும் எச்சரிக்கை தோன்றும். அப்போது மாணவர் செய்யக் கூடாதது பக்கத்தைப் புதுப்பிப்பது. சும்மா இருந்தால், இணைப்பு திரும்பியதும் அந்தப் பக்கத்தின் விடைகள் சேமிக்கப்பட்டு எச்சரிக்கை மறைந்துவிடும். புதுப்பித்தால், கடைசிச் சேமிப்புக்குப் பின் குறித்த விடைகள் போய்விடும். இந்த ஒரு செய்தியை ஒத்திகையிலும் சொல்லுங்கள், நுழைவுச் சீட்டிலும் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள்.

விடைகளை எப்போது காட்டுவது என்பதில் ஒரு பொறி உண்டு. `Review options` பகுதியில், வினாத்தாள் மூடிய பின் சரியான விடைகளைக் காட்டும்படி வைப்பது வழக்கம். ஆனால் துண்டிப்புக்கு ஈடாகக் கூடுதல் நேரம் பெற்ற ஒருவர் 10.35 வரை எழுதிக்கொண்டிருப்பார், மற்றவர்களுக்கு 10.30க்கே விடைகள் திறந்துவிட்டால், அது வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்ச் சேர ஒரு நிமிடம் போதும். எனவே அந்தப் பகுதியில் எல்லாக் குறிகளையும் எடுத்துவிட்டு, இரண்டு அணிகளும் முடிந்த பிறகு கையால் திறந்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: ஈட்டு விதியும் அதன் கணக்கும்

கடிகாரம் வழங்கியில் ஓடுகிறது; இணைப்பு போனாலும், கைப்பேசி அணைந்தாலும், அது நிற்பதில்லை. ஆகவே ஈடு என்பது இழந்த நேரத்தைத் திரும்பத் தருவதுதான். நான் பரிந்துரைக்கும் விதி இது: கடைசியாக விடை சேமிக்கப்பட்ட நொடியிலிருந்து மீண்டும் வினாத்தாளைத் திறந்த நொடி வரையுள்ள இடைவெளி, அடுத்த முழு நிமிடத்துக்கு உயர்த்தித் தரப்படும், ஒருவருக்கு மொத்தமாக ஆறு நிமிடத்துக்கு மேல் இல்லை, இரண்டு நிமிடத்துக்குக் குறைந்த இடைவெளிக்கு ஈடு இல்லை.

கடைசிச் சேமிப்பிலிருந்து எண்ணுவதற்குக் காரணம், அதற்குப் பின் குறித்த ஓரிரு விடைகளை மாணவர் மீண்டும் குறிக்க வேண்டியிருக்கும் என்பதே. உச்சவரம்பு ஏன் என்றால், மற்றவர்கள் முடித்துப் பேசத் தொடங்கிய பின் ஒருவர் நெடுநேரம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. துண்டிப்பின்போது திரையில் தெரிந்த ஐந்து வினாக்களைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரம் கிடைத்திருக்குமே என்று கேட்கலாம். கிடைத்திருக்கும்தான்; அந்தச் சிறு ஆதாயத்தைப் பொறுத்துக்கொள்வது, நேர்மையானவரின் நேரத்தை வெட்டுவதைவிட மேல் என்பது என் முடிவு.

சான்று என்ன? மூடிலின் `Logs` பக்கத்தில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் நேரமும் இணைய முகவரியும் உண்டு. ஒவ்வொரு வினாவின் `Response history` பட்டியலில் அந்த விடை சேமிக்கப்பட்ட நேரம் உண்டு. ஆனால் பதிவேட்டின் மௌனம் மட்டும் துண்டிப்புக்குச் சான்றாகாது. விடையில் மாற்றம் இருந்தால்தான் தானியங்கிச் சேமிப்பு வழங்கியைத் தொடும். ஒரு வினாவின் முன் இரண்டு நிமிடம் திகைத்து உட்கார்ந்திருப்பவரும் பதிவேட்டில் இணைப்பு இழந்தவரைப் போலவே தெரிவார். எனவே மௌனத்தோடு இன்னொன்றும் சேர வேண்டும்: இடைவெளி முடிவில் புதிதாக நுழைந்த நிகழ்வு, அல்லது இணைய முகவரியின் மாற்றம், அல்லது அந்த இடைவெளிக்குள்ளேயே உதவி எண்ணுக்கு வந்த அழைப்பு. உதவி எண்ணில் இருப்பவர் ஒவ்வொரு அழைப்பின் நேரத்தையும் நுழைவு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். மறுநாள் முறையீடு வரும்போது அந்த நோட்டைப் போல உதவுவது வேறில்லை.

ஓர் உதாரணத்தைக் கடைசி வரை பார்ப்போம். கே 0142 என்ற மாணவி 10.04.10க்கு வினாத்தாளைத் திறக்கிறார். அவருடைய நேரம் 10.24.10க்கு முடிய வேண்டும். 10.11.32க்குப் பன்னிரண்டாம் வினாவின் விடை சேமிக்கப்படுகிறது. அதன் பின் மௌனம். 10.13க்கு அவருடைய அம்மா வேறொரு எண்ணிலிருந்து அழைத்து, வைஃபை நின்றுவிட்டதாகச் சொல்கிறார். “பக்கத்து வீட்டுக் கைப்பேசியிலோ உங்கள் தரவிலோ நுழையச் சொல்லுங்கள் அம்மா, அதுவரையுள்ள விடைகள் பத்திரமாக இருக்கின்றன” என்று உதவி மேசை பதில் சொல்லி நேரத்தைக் குறிக்கிறது. 10.16.50க்கு அவர் வேறொரு முகவரியிலிருந்து நுழைந்து வினாத்தாளைத் தொடர்கிறார். இடைவெளி 5 நிமிடம் 18 நொடி. ஈடு ஆறு நிமிடம். மௌனம், புதிய நுழைவு, அழைப்பு மூன்றும் ஒத்துப்போகின்றன.

இப்போது நடத்துபவர் வினாத்தாளின் `Overrides` பக்கத்துக்குப் போய், அவருக்கு மட்டும் `Time limit` இடத்தில் 26 நிமிடம் என்று கொடுக்க வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். புதிய கணக்குப்படி அவருடைய நேரம் 10.30.10க்கு முடிய வேண்டும். வினாத்தாளோ எல்லோருக்கும் 10.30.00க்கு மூடிவிடும். கால அளவை மட்டும் மாற்றினால் அவருக்குப் பத்து நொடி குறையும். 10.09க்குத் தொடங்கிய ஒருவராக இருந்தால், கொடுத்த ஆறு நிமிடத்தில் ஐந்து நிமிடம் காற்றில் போய்விடும், திரையில் யாருக்கும் காரணமும் தெரியாது. ஆகவே `Close the quiz` நேரத்தையும் சேர்த்தே, இந்த மாணவிக்கு 10.31 என்று மாற்ற வேண்டும். மாற்றிய பின், அடுத்த பக்கத்துக்குப் போகும்போது திரையில் கடிகாரம் கூடியிருக்கும் என்று அவருக்குச் சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் பதற்றத்தில் ஒப்படைத்துவிடுபவர்கள் உண்டு.

இவை அனைத்தும் 10.24.10க்குள் நடந்துவிட வேண்டும். அந்த நொடி தாண்டினால் தாள் தானாக ஒப்படைக்கப்பட்டுவிடும், ஒப்படைக்கப்பட்ட தாளை அதே நிலையில் மீண்டும் திறக்க வழியில்லை. இன்னொரு வாய்ப்பைக் கூடுதலாகக் கொடுத்தால், அது பார்த்து முடித்த வினாக்களை முதலிலிருந்து எழுதுவதாகிவிடும். எனவே அழைப்புகளை எடுக்க ஒருவர், இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நேரம் கூட்ட மட்டும் இன்னொருவர் என்று இருவர் கட்டாயம் வேண்டும். அணி பெரிதாக இருந்தால் அழைப்பு எடுப்பவர்களைக் கூட்டுங்கள், நேரம் கூட்டுபவரைக் கூட்டாதீர்கள், ஏனெனில் ஒரே மாணவருக்கு இருவர் இரண்டு முறை நேரம் கொடுத்துவிடும் குழப்பம் அப்போதுதான் வரும்.

திரும்பவே முடியாமல் போனவருக்கு என்ன செய்வது? பூட்டி வைத்த மூன்றாம் தாள் இவருக்கானது. எழுதத் தொடங்கி, பாதி வினாக்களுக்குக் குறைவாக விடையளித்த நிலையில் இணைப்பை இழந்து, 10.30க்குள் உதவி எண்ணுக்கு அழைத்தும் இருந்தால், அன்று பிற்பகலிலேயே மூன்றாம் தாளை முழு நேரத்தோடு எழுதலாம். முதல் தாளின் மதிப்பெண் நீக்கப்படும். இரண்டில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது. அப்படிச் செய்தால் இணைப்பை இழப்பது ஒரு சலுகையாகிவிடும். பாதிக்கு மேல் விடையளித்தவருக்கு, அளித்த விடைகளோடு இருப்பதா, அவற்றைத் துறந்து மூன்றாம் தாளை எழுதுவதா என்று, மதிப்பெண்ணைச் சொல்லாமலேயே, தேர்ந்தெடுக்கும் உரிமை தரலாம். தவறுதலாக ஒப்படைப்புப் பொத்தானை அழுத்தியவருக்கு இந்த வழி எதுவும் இல்லை.

சமமான மதிப்பெண் வந்தால் குறைந்த நேரம் எடுத்தவரே வெற்றியாளர் என்ற விதியை இந்தப் போட்டியில் வைக்க முடியாது. மூடில் காட்டும் கால அளவில் துண்டிப்பில் போன நிமிடங்களும் அடங்கியிருக்கும். சமநிலையைப் பிரிக்க, கடினமான ஐந்து வினாக்களை முன்கூட்டியே குறித்து வைத்து, அவற்றில் யார் கூடுதலாகப் பெற்றார் என்று பாருங்கள். அப்படியும் சமம் என்றால் இருவரையும் இறுதிச் சுற்றுக்கு அனுப்பிவிடுவதில் யாருக்கும் நட்டம் இல்லை.

ஆறாம் படி: கோளாறு நடத்துபவர் பக்கம் இருந்தால்

வழங்கியே படுத்துவிட்டால், மேலே சொன்ன தனிநபர்க் கணக்கு எதுவும் செல்லாது. அறிகுறி எளிது: பதிவேட்டில் எல்லோருடைய மௌனமும் ஒரே நொடியில் தொடங்கும். ஒரு மாவட்டத்தில் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் சேவை நின்றுபோனாலும் கூட்டமாக மௌனம் வரும், ஆனால் மற்ற ஊர்க்காரர்களின் விடைகள் தொடர்ந்து சேமிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். வழங்கி இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றாலோ, எழுதிக்கொண்டிருப்பவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் ஒரே சமயத்தில் அறுபட்டாலோ, அந்த அணியின் சுற்று முழுவதையும் நீக்கிவிட்டு மூன்றாம் தாளில் எல்லோருக்கும் மறுபடி நடத்துவது என்று முன்பே எழுதி வையுங்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் மறுதேர்வு வைத்தால், இரண்டு வெவ்வேறு தாள்களை எழுதியவர்கள் ஒரே வரிசையில் நிற்பார்கள். எல்லோருக்கும் மறுதேர்வு என்றால், நன்றாக எழுதி முடித்தவர்கள் கோபிப்பார்கள். அந்தக் கோபத்துக்கு விதியின் எண்ணைக் காட்டிப் பதில் சொல்லலாம், மற்றதற்குப் பதிலே இல்லை. வழங்கி இரண்டு நிமிடத்துக்குள் எழுந்துவிட்டால், எல்லோருக்கும் பொதுவாக மூன்று நிமிடம் கூட்டி மூடும் நேரத்தையும் 10.33 ஆக்கிவிடலாம்.

ஏழாம் படி: முறையீடு

மதிப்பெண் பட்டியலை அன்றே வெளியிடாமல், முறையீட்டுக்கு 48 மணி நேரம் கொடுங்கள். முறையீட்டுப் படிவத்தில் நுழைவு எண், துண்டிப்பு நடந்ததாக நினைக்கும் நேரம், மீண்டும் நுழைந்த கருவி ஆகிய மூன்றை மட்டும் கேளுங்கள். திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்வதைக் கட்டாயமாக்க வேண்டாம். இணைப்பு அறுந்த பதற்றத்தில் அதை எடுக்காத பிள்ளைக்கு அது தண்டனையாகிவிடும். போட்டி நாளில் நேரம் கூட்டியவர் முறையீட்டைத் தீர்மானிக்கக் கூடாது; பதிவேட்டைப் படிக்கத் தெரிந்த வேறொருவர், மாணவரின் பெயரையோ பள்ளியையோ பார்க்காமல், எண்ணை மட்டும் வைத்துத் தீர்மானிக்கட்டும். ஈடு மறுக்கப்பட்டால் காரணத்தை ஒரே வரியில் எழுதித் தர வேண்டும்: “10.11.32க்கும் 10.12.58க்கும் இடையே மட்டுமே மௌனம் உள்ளது, இது இரண்டு நிமிடத்துக்குக் குறைவு” என்பது போல.

முடிவுகளோடு, ஈடு பெற்றவர்களின் பட்டியலையும் பெயரின்றி வெளியிடுங்கள்: நுழைவு எண், இடைவெளி, கொடுத்த நிமிடம், பயன்படுத்திய விதி எண் என்று நான்கு பத்திகள் போதும். பதிவேட்டையும் அழைப்பு நோட்டையும் இறுதிச் சுற்று முடிந்து ஒரு மாதம் வரை வைத்திருந்துவிட்டு, பிறகு மாணவர்களின் கைப்பேசி எண்களோடு சேர்த்து அழித்துவிடலாம்.